கடிதப் பேணி யாரிடம் இருக்கிறது? பேனா நண்பர்களின் கடிதங்களால் ஒரு சிறுகதை

என் பெறாமகள் தனது முதல் கடிதக் கதையை ஒரு ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தாள். கொழும்பில் இருக்கும் பத்மாவும் பினாங்கில் இருக்கும் சரோஜாவும் பேனா நண்பர்கள். காலம் 1983. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. மூன்று வருடமாக எழுதிக்கொள்கிறார்கள். முதல் கடிதம் இப்படித் தொடங்கியது:

"அன்புள்ள சரோஜாவுக்கு, உமக்குத் தெரியும்தானே, நாங்கள் கொழும்பில் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். அப்பா புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்."

நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். மூன்று வருடமாக உறையின் மேல் 'வெள்ளவத்தை, கொழும்பு 6' என்று தன் கையால் எழுதி அனுப்புகிற சரோஜாவுக்கு, 'நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம்' என்று பத்மா ஏன் சொல்லவேண்டும்?

"வாசகருக்குத் தெரியவேண்டாமா பெரியம்மா?" என்றாள்.

அந்தக் கேள்வியில்தான் கடிதக் கதையின் முழுச் சிக்கலும் இருக்கிறது. கதையை மறைத்துவைத்துக் கடிதங்களை மட்டும் காட்டுவது இந்த வடிவம். 'அவள் சன்னலோரம் நின்றாள்' என்று சொல்ல நடுவில் ஒரு கதைசொல்லி கிடையாது. ஒருவர் இன்னொருவருக்கு எழுதிய தாள்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றை நாம் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறோம். தமிழுக்கு இது புதிதல்ல. மறைமலையடிகள் 1921இலேயே 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்று ஒரு நாவலையே இப்படி எழுதிவிட்டார். சிறுகதையில் ஐந்தாறு கடிதங்கள் போதும். ஆனால் அந்த ஐந்தாறும் வாசகருக்கு எழுதப்பட்டவையாகத் தெரியக்கூடாது. சரோஜாவுக்கு எழுதப்பட்டவையாகவே இருக்கவேண்டும். 'உமக்குத் தெரியும்தானே' என்று ஒரு கடிதம் தொடங்கினால், எழுத்தாளர் பத்மாவின் தோளுக்கு மேலால் வாசகரைப் பார்த்துக் கதைக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் தம்பி இருப்பதை எப்படிச் சொல்வது? பழைய செய்தியைச் சொல்லாமல், அதில் நடந்த மாற்றத்தைச் சொல்லவேண்டும். நானும் அவளும் அரை மணிநேரம் இருந்து அந்த மூன்று வாக்கியங்களையும் அழித்துவிட்டு இரண்டு எழுதினோம்:

"தம்பி மறுபடியும் முன்வாசல் மாமரத்தில் ஏறி விழுந்துவிட்டான். இந்த முறை மற்றக் கை."

சரோஜாவுக்கு இது புதிய செய்தி. நமக்கோ தம்பி ஒருவன் இருப்பதும், வாசலில் மாமரம் நிற்பதும், முன்னர் ஒரு கை முறிந்ததும், அதைச் சரோஜா ஏற்கெனவே அறிவாள் என்பதும் தெரிந்துவிடுகின்றன. அந்தக் கடைசித் தகவல்தான் பெரிது. 'மறுபடியும்', 'இந்த முறை', 'மற்ற' என்ற மூன்று சொற்களுக்குள் நாம் காணாத மூன்று வருடக் கடிதங்கள் இருக்கின்றன. அப்பாவின் கடையை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். அது கதைக்கு வேண்டுமென்றால் தானாக வரும்.

இதில் பேனா நண்பர்களுக்கு ஒரு வசதி உண்டு. அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் கடிதம் வைத்தால் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதமுடியாது. இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். பேனா நண்பருக்கோ எல்லாம் சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் உடனே கடல் என்பதையும், கச்சான் காற்றுக் காலத்தில் உப்புத் தண்ணீர் தெறித்து யன்னல் கம்பிகள் துருப்பிடிப்பதையும் பத்மா எழுதினால் அது இயல்பு. பினாங்கில் இருப்பவள் அதைக் கேட்டிருப்பாள். ஆகவே வேறு நாட்டுக்குக் கடிதம் எழுதுபவர் வர்ணிக்கலாம். எழுத்தாளருக்கு அது இலவசமாகக் கிடைக்கிற அனுமதி. ஒரு விடயத்துக்கு அந்த அனுமதி ஒரு தடவைதான். முதல் வருடம் சொன்ன கடலை மூன்றாம் வருடமும் புதிதாகச் சொன்னால் அனுமதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதுபோல் ஆகிவிடும்.

இருவரும் தமிழர் என்று வைத்துக்கொண்டது இன்னொரு விதத்திலும் நல்லதாயிற்று. பெறாமகள் முதலில் நோர்வேக்காரப் பெண் ஒருத்தியை யோசித்திருந்தாள். அப்படியென்றால் கடிதங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, நாம் வாசிப்பது மொழிபெயர்ப்பு என்றாகிவிடும். இரண்டு பேரின் குரலும் ஒரே மொழிபெயர்ப்பாளரின் குரலாகத் தட்டையாகிவிடும். பினாங்குத் தமிழும் கொழும்புத் தமிழும் அப்படியல்ல. சரோஜா 'பசியாறிவிட்டீர்களா' என்று கேட்பாள். பத்மா 'காலையில் பாணும் சம்பலும்' என்பாள். அவளுக்குக் காசு வெள்ளி, இவளுக்கு ரூபாய். அவள் பேசுவாள், இவள் கதைப்பாள். கையெழுத்தை மறைத்தாலும் யாருடைய கடிதம் என்று தெரியவேண்டும் என்பதுதான் குரலுக்கான சோதனை. பெயரை மூடிவிட்டு ஒரு பத்தியை வாசித்துப் பாருங்கள். யார் எழுதியது என்று சொல்லமுடியாவிட்டால் இன்னும் எழுத்தாளர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

குரலில் நான் மிகவும் பார்ப்பது ஒரே ஒரு சொல்லை. எதிராளியை எப்படி அழைக்கிறார்கள்? ஆங்கிலத்தில் கடிதக் கதை எழுதுகிறவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களுக்கு முன்னிலை ஒன்றுதான். நமக்கு நீங்கள், நீர், நீ என்று மூன்று படிகள் இருக்கின்றன. வினைமுற்று ஒவ்வொன்றும் அந்தப் படியைக் காட்டிக்கொடுக்கும். பத்மா, இங்கே சம வயதினர் எழுதுகிற மாதிரி, 'நீர் எழுதியிருந்தீர்', 'உமது கடிதம் கிடைத்தது' என்று எழுதுகிறாள். சரோஜாவுக்கு 'நீர்' என்றால் நாடகத்தில் ராஜா மந்திரியைக் கூப்பிடுவது. அவள் 'நீங்கள்' என்றே எழுதுகிறாள், மூன்று வருடமும். பெறாமகளிடம் சொன்னேன்: இந்தக் கதையில் சரோஜா ஒரேயொரு தடவை 'நீ' என்று எழுதட்டும். எங்கே என்று நீயே பார்த்துக்கொள்.

இனிக் காலம்.

ஒரு சாதாரணக் கதையில் காலம் ஒன்றுதான். கடிதத்துக்கு இரண்டு: எழுதிய நாள், கிடைத்த நாள். இரண்டு நாடுகள் என்னும்போது இடைவெளி நீளும். எங்கள் கதைக்கு ஒரு வழிக்குப் பத்து நாள் என்று வைத்துக்கொண்டோம். கேள்வி கேட்டால் பதில் வர இருபது நாள். அதற்குள் கேட்டவளே மறந்திருப்பாள். அல்லது கேள்விக்கு அர்த்தமே இல்லாமற் போயிருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் இதைத் தொந்தரவாக நினைத்து, முதற் கடிதத்தில் கேள்வி, இரண்டாவதில் பதில், மூன்றாவதில் கேள்வி என்று மேசைப்பந்துபோல் அடித்துக்கொண்டு போகிறார்கள். பெறாமகளின் எழுத்தும் அப்படித்தான் இருந்தது. இந்த இடைவெளிதான் வடிவத்தின் மூலதனம் என்பதைக் காட்ட, ஒரு தாளில் கோடு போட்டு நாட்களைக் குறித்தோம்.

கதையில் ஆசை மிகச் சிறியது: ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவேண்டும். அதுவரை இருவரும் எழுதியது நீல நிற ஏரோகிராமில். அதில் தாளே மடித்து ஒட்டினால் உறை. உள்ளே வேறெதுவும் வைக்க அனுமதி இல்லை. விலை மலிவு, இடம் குறைவு. படம் அனுப்பவேண்டுமென்றால் தனியாக உறை வாங்கவேண்டும், கூடுதல் முத்திரை ஒட்டவேண்டும். ஆகவே ஒரு நாள் தபாற்காரர் நீல மடலுக்குப் பதிலாக வெள்ளை உறை கொண்டுவந்தால், திறக்கும் முன்பே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட சின்ன இயந்திர விவரங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு எழுதினால் உணர்ச்சியை வர்ணிக்கும் வேலை பாதி குறையும்.

பத்மா ஜூன் 28 அன்று, தம்பி மரத்தால் விழுந்த கதையோடு, படம் கேட்டு எழுதுகிறாள். அது ஜூலை 8 அன்று பினாங்கில் கிடைக்கிறது. சரோஜா ஜூலை 10 அன்று பதில் எழுதுகிறாள். ஜூலை 20 அன்று அது வெள்ளவத்தைக்கு வருகிறது. பத்மா ஜூலை 22, வெள்ளிக்கிழமை, மறுகடிதம் எழுதித் தபாற்கந்தோரில் போடுகிறாள்.

இந்தத் திகதியைக் கண்டதும் நம் ஊர் வாசகர் ஒருவர் கடிதத்தின் முதல் வரிக்குப் போகமாட்டார். ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். வெள்ளவத்தை, 22 ஜூலை 1983. இரண்டு நாள் கழித்து ஞாயிறு இரவு பொரளையில் தமிழருக்கெதிரான கலவரம் தொடங்கியது, திங்கட்கிழமை நகரமெங்கும் பரவியது. காலி வீதியில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதைப் பத்மா அறியமாட்டாள். கடிதம் எழுதுகிறவருக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருப்பது இந்த வடிவத்தின் கூர்மையான கருவி. அதற்கு ஒரு வரி விளக்கமும் தேவையில்லை, திகதி போதும்.

கூர்மையான கருவி என்பதால் கையை வெட்டவும் செய்யும். பெறாமகள் அந்தக் கடிதத்தில், 'ஏனோ மனது சரியில்லை, ஏதோ நடக்கப்போவதுபோல் இருக்கிறது' என்று பத்மாவை எழுதவைத்திருந்தாள். அதை அழிக்கச் சொன்னேன். பின்னால் நடந்தது எழுத்தாளருக்குத் தெரியும் என்பதற்காகப் பாத்திரத்துக்குக் கெட்ட கனவு வரக்கூடாது. வெள்ளிக்கிழமையில் பத்மாவுக்கு இருக்கும் கவலை படம் எப்படி வந்திருக்கும் என்பது மட்டுந்தான். திருத்திய கடிதத்திலிருந்து ஒரு பகுதி:

"பாலம் கட்டுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, படத்தைப் பற்றி அரை வரி எழுதியிருக்கிறீர். தப்பப் பார்க்கிறீர் என்று விளங்குகிறது. முன்பல் கொஞ்சம் முந்தி நிற்பதெல்லாம் ஒரு காரணமா? நான் நேற்று அம்மாவோடு காலி வீதியில் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துவிட்டேன். சிரிக்காமல் இருக்கச் சொன்னார், நான் சிரித்துவிட்டேன். திங்கட்கிழமை படம் கிடைக்கும். அன்றைக்கே உறையில் போட்டு அனுப்புவேன். அதற்குப் பிறகு உமக்குச் சாட்டு இல்லை."

'திங்கட்கிழமை படம் கிடைக்கும்.' அந்தக் கடிதத்தில் இதைவிடக் கனமாக ஒன்று வேண்டியதில்லை.

இதே கடிதத்தில் இன்னொன்றும் நடந்திருப்பதைக் கவனியுங்கள். சரோஜா ஜூலை 10 அன்று என்ன எழுதினாள் என்று நாம் வாசிக்கவில்லை. ஆனால் தெரிந்துவிட்டது. பினாங்கைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். அது 1985இல்தான் திறக்கப்பட்டது. சரோஜா அதைப் பற்றி நீட்டி எழுதியிருக்கிறாள். முன்பல்லைப் பற்றிக் கூச்சத்தோடு அரை வரி எழுதியிருக்கிறாள். ஒரு கடிதத்தை அதன் பதிலில் இருந்தே வாசிக்கலாம். தொலைபேசியில் ஒரு பக்கம் கதைப்பதைக் கேட்டு மறுபக்கத்தை ஊகிப்பதுபோலத்தான் இதுவும்.

பெறாமகளின் எழுத்தில் சரோஜாவின் ஜூலை 10 கடிதமும் முழுதாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. காரணம் சொல்ல ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது. கடிதக் கதை எழுதும் எவரும் தொடக்கத்திலேயே கேட்கவேண்டிய கேள்வி, ஆனால் முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை: இந்தக் கடிதங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன?

கடிதம் எழுதியவரிடம் இருப்பதில்லை. போய்ச் சேர்ந்தவரிடம்தான் இருக்கும். பத்மா எழுதியவை எல்லாம் பினாங்கில், சரோஜாவின் பிஸ்கற் பேணிக்குள். சரோஜா எழுதியவை எல்லாம் வெள்ளவத்தையில், பத்மாவின் அலுமாரியில். இரண்டு பக்கக் கடிதங்களும் மாறி மாறி ஒரே கட்டாக நம் கையில் வருகின்றன என்றால், யாரோ ஒருவர் கடல் கடந்து போய் இரண்டு கட்டுகளையும் சேர்த்திருக்கவேண்டும். அது யார்? பல கதைகளில் வாசகர் இதைக் கேட்பதில்லை. ஒரு வழக்கமாக ஏற்றுக்கொள்கிறார். தவறில்லை. ஆனால் எங்கள் கதையில் அந்த வழக்கம் நிற்காது. வெள்ளவத்தை வீடு எரிந்துவிட்டது. சரோஜாவின் மூன்று வருடக் கடிதங்கள் அதோடு போயின. அவை எரிந்துவிட்டன என்று பத்மா ஒரு கடிதத்தில் சொல்ல, அதே கதையின் இரண்டாம் பக்கத்தில் அவற்றில் ஒன்று முழுதாக அச்சாகியிருந்தால், அந்த இடத்தில் கதை பொய்யாகிவிடும்.

"அப்படியானால் சரோஜா கதையிலேயே இல்லையே" என்றாள் பெறாமகள்.

இருக்கிறாள். எரிந்த முகவரிக்குப் போட்ட கடிதம் என்னவாகும் என்று யோசிக்கச் சொன்னேன். திரும்பி வரும். சர்வதேசத் தபால் ஒன்றியம் 1874இல் பேர்ன் நகரில் உருவான நாளிலிருந்து அதன் மொழி பிரெஞ்சு. ஆகவே நாடுகளுக்கிடையே திரும்பும் தபாலில் 'ரெத்தூர்', அதாவது 'திருப்பி அனுப்பப்படுகிறது', என்ற பிரெஞ்சுச் சொல்லைக் காணலாம். சரோஜா எழுதிய கடிதங்களில் தப்பக்கூடியவை இவைதான்: போய்ச் சேராதவை. போய்ச் சேர்ந்தவை எல்லாம் அழிந்தன, சேராதவை பிழைத்தன. இதைச் சொன்னதும் அவள் பேனாவை எடுத்துவிட்டாள், தேநீர் ஆறிப்போனது.

இப்போது கதை பேணிக்குள் இருப்பவற்றால் மட்டும் ஆனது. பேணியில் அவை வந்த ஒழுங்கிலேயே வைத்தோம், எழுதிய ஒழுங்கில் அல்ல. சரோஜாவுக்கு ஒரு பழக்கம் கொடுத்தோம்: கடிதம் கிடைத்த நாளை மேல் மூலையில் பென்சிலால் குறிப்பாள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்வார். அந்தப் பென்சில் குறிப்பு இருந்தால் இரண்டு காலங்களையும் வாசகருக்குக் காட்ட வேறெதுவும் தேவையில்லை.

முதலில் ஜூன் 28 கடிதம், 'பெற்றது 8.7.83'. அடுத்து ஜூலை 22 கடிதம், 'பெற்றது 1.8.83'. இங்கேதான் இடைவெளி தன் வேலையைச் செய்கிறது. ஓகஸ்ட் முதலாம் திகதிக்குள் பினாங்கில் பத்திரிகை வாசிக்கும் எவருக்கும் கொழும்பில் என்ன நடந்தது என்று தெரியும். சரோஜா அந்தக் குதூகலமான கடிதத்தை எல்லாம் தெரிந்த பிறகுதான் வாசிக்கிறாள். அவள் என்ன நினைத்தாள் என்று கதை சொல்லாது. மூலையில் இருக்கும் ஒரு பென்சில் திகதி சொல்லும்.

பிறகு செப்டம்பர் 12. ஒரே நாளில் இரண்டு வருகின்றன, இரண்டும் அவளுடைய கையெழுத்தில். ஒன்று ஜூலை 27இல் எழுதிய ஏரோகிராம். மற்றது ஜூலை 19இல், பத்மாவின் மறுகடிதத்துக்குக் காத்திராமல் திடீரென்று துணிந்து அனுப்பிய வெள்ளை உறை. ஏரோகிராமில் நான்கே வரிகள். மூன்று பக்கமும் நெருக்கி எழுதுகிற சரோஜாவின் தாளில் மிச்சமெல்லாம் நீல வெளி:

"பத்மா, நீ எங்கே இருக்கிறாய்? தம்பி, அம்மா, அப்பா எல்லாரும் எங்கே? இந்த முகவரிக்கு எழுதுவதா என்றுகூடத் தெரியவில்லை. வேறு முகவரி என்னிடம் இல்லை."

அந்த 'நீ' இங்கே வந்துவிட்டது. பெறாமகள் சரியான இடத்தில்தான் வைத்திருந்தாள். அதற்கு அடுத்து, தபாலின் விளையாட்டால், எட்டு நாள் முந்தியே எழுதப்பட்ட உறை வருகிறது: 'நீங்கள் சிரிக்கக்கூடாது. பல்லைப் பார்க்காமல் கண்ணை மட்டும் பாருங்கள்.' வந்த ஒழுங்கில் வைத்ததால் அந்த வெட்கம் அச்சத்துக்குப் பின்னால் வருகிறது. எழுதிய ஒழுங்கில் வைத்திருந்தால் அது வெறும் அழகான கடிதமாகக் கடந்துபோயிருக்கும்.

கடைசிக் கடிதம் பத்மாவுடையது; செப்டம்பர் 18, யாழ்ப்பாணம், கொப்பித் தாளில். இந்தக் கடிதத்துடன்தான் நாங்கள் அதிகம் மல்லுக்கட்டினோம். முதல் எழுத்தில் அது நாலு பக்கம். ஜூலை 25 காலை முதல் நடந்தவை அத்தனையும், யார் என்ன சொன்னார்கள் என்று மேற்கோள் குறிகளோடு, நாவல்போல. கடிதத்தின் எல்லை இங்கே தெரியும். நீளமான உரையாடலைச் சொல்லுக்குச் சொல் கடிதத்தில் யாரும் எழுதுவதில்லை. உயிர் தப்பிய ஒருத்தி, இரண்டு மாதம் கழித்து, முகம் தெரியாத தோழிக்கு எழுதும்போது முழுக் கதையையும் ஒழுங்காகச் சொல்லவும் மாட்டாள். ஏன் இப்போது எழுதுகிறாள் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதுகிறவருக்கு ஒரு தேவை இருக்கவேண்டும். செய்தி சொல்வது அதன் சாக்கு. பத்மாவுக்கு என்ன தேவை?

அவளுடைய அம்மம்மாவிடம், அதாவது என் அம்மாவிடம், கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, "வீட்டுப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் அப்போது எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள்" என்றார். அதிலிருந்து வந்ததுதான் இது:

"அன்புள்ள சரோஜாவுக்கு, எல்லாரும் இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். கொஞ்ச நாள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் இருந்துவிட்டு, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தோம். கப்பலில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தையல் மெஷினின் கைப்பிடியை மட்டும் கையில் வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. உமது கடிதங்கள் ஒன்றும் இல்லை. முகவரி மட்டும் மனப்பாடம், அதனால் எழுதுகிறேன்.

ஒரு உதவி. நான் உமக்கு எழுதியவை இருந்தால், அவற்றில் எங்கள் வீட்டைப் பற்றி வரும் இடங்களை மட்டும் நகல் எழுதி அனுப்புவீரா? தம்பி மாமரத்துக்கு எத்தனை கிளை என்று என்னோடு சண்டை பிடிக்கிறான். நான் உமக்கு எழுதியிருப்பேன்."

கப்பலும் கல்லூரியும் அந்த நாட்களில் உண்மையாக நடந்தவை. அகதிகளை 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். ஆனால் கப்பலின் பெயரைக் கடிதத்தில் நாங்கள் போடவில்லை. பத்மாவுக்கு அது தேவையில்லை. ஆராய்ச்சி செய்தது எல்லாவற்றையும் பாத்திரத்தின் வாயில் திணிக்கும் ஆசை வரலாற்றுக் கதையில் யாருக்கும் வரும். கடிதக் கதையில் அது உடனே வெளியே தெரிந்துவிடும்.

கதை இப்போது ஐந்து தாள்கள், ஆயிரத்துக்குச் சற்று மேல் சொற்கள். பெறாமகள் எழுதி முடித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள். சரோஜா நகல் எழுதி அனுப்பினாளா இல்லையா? அந்தப் பதிற் கடிதம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். பேணியில் இருக்காது. ஆகவே கதையில் வரமுடியாது. வாசகருக்கு எப்படித் தெரியும்?

நான் பதில் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவள் திருத்திக்கொண்டு வந்தாள். கடைசிக் கடிதத்தில் கை வைக்கவில்லை. முதற் கடிதத்தில், நாங்கள் அரை மணிநேரம் இருந்து எழுதிய அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பக்கத்தில், சாய்ந்த எழுத்தில் ஒரு சிறு குறிப்புச் சேர்த்திருந்தாள்:

"தம்பி மறுபடியும் முன்வாசல் மாமரத்தில் ஏறி விழுந்துவிட்டான். இந்த முறை மற்றக் கை. [இவ்விடத்தில் ஓரமாகப் பென்சில் கோடு.]"